பேனல் கிளம்பிய பிறகு எழுதும் மெயில்

நேர்காணல் முடிந்து நன்றி மெயில் அனுப்பாத ஆளுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று 2019 ஏப்ரலில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதினார். பிசினஸ் இன்சைடரில் ஆசிரியர் பொறுப்பில் இருந்த ஜெசிகா லீப்மன் அவர். பத்து வருடமாக ஆள் எடுத்த அனுபவத்தில் தான் கடைப்பிடிக்கும் விதி இது என்றார். இணையத்தில் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். வேலைத் திறமைக்கும் இந்தச் சம்பிரதாயத்துக்கும் என்ன தொடர்பு, இப்படி ஒரு வழக்கம் இருப்பதையே வீட்டில் யாரும் சொல்லித்தராத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேள்விகள் பறந்தன. ஆனாலும் அந்த வழக்கம் அங்கே பழையது. ரிச்சர்ட் போல்ஸ் 1970இல் முதலில் வெளியிட்டு, பிறகு பல பதிப்புகள் கண்ட வேலைதேடல் கையேடு, சந்தித்த ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் எழுதச் சொல்கிறது.

அந்த அறிவுரைதான் யூடியூப் வழியாக நம் கல்லூரி விடுதிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் தேங்க்யூ மெயில் அனுப்பு, ஹெச்ஆர் மனதில் நிற்பாய் என்கிறார்கள். கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ இறுதியாண்டு படிக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று பார்த்தால், பாதிகூடப் பொருந்தாது. மீதிப் பாதி மட்டும் நிஜமாகவே பயன்படும். எந்தப் பாதி எது என்பதில்தான் குழப்பம்.

அமெரிக்க உதாரணத்தில் விண்ணப்பித்தவர் தனியாள். அவரை நேர்காணல் செய்தவரின் மெயில் முகவரி அவரிடம் இருக்கிறது. முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். நம் கேம்பஸில் நடப்பது வேறு. காலையில் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டோரியத்தில் தங்களைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு ஆப்டிடியூட் தேர்வு, அதில் வடிகட்டி டெக்னிகல் ரவுண்ட், அதற்கப்புறம் ஹெச்ஆர் ரவுண்ட். மாலையில் பேனல் ஓர் அறையில் உட்கார்ந்து, மதிப்பெண் தாள்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, பட்டியலைத் தயாரித்துவிடும். பல நேரம் கார் கிளம்புவதற்கு முன்பே அந்தப் பட்டியல் பிளேஸ்மென்ட் ஆபீசரின் கையில் இருக்கும். மாணவர் அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து எழுதும் நன்றி, முடிவான விஷயத்தின் மேல்தான் போய் விழுகிறது. அதனால் மதிப்பெண் கூடாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கேம்பஸில் மாணவர் தனியாள் இல்லை, கல்லூரியின் பிள்ளை. பல கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் விதிகளில், கம்பெனியை மாணவர் நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்று எழுதியே இருக்கும். இது வெறும் அதிகார மிடுக்கு கிடையாது. நேர்காணலுக்குப் போன அறுபது பேரும் அன்றிரவே ஹெச்ஆருக்கு மெயில் தட்டினால், மறுநாள் காலை அவருக்கு அந்தக் கல்லூரியின் பெயரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அதிலும் அந்த அறுபது மெயிலும் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றிய ஒரே நகலாக இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டில் கம்பெனி பெயர் போடவேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குறியும் அதற்குள் `Company Name` என்ற இரண்டு சொற்களும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஆகவே சில நூறு பேரை ஒரே மூச்சில் எடுக்கும் பெரிய ஐடி நிறுவனங்களுக்கு இந்த மெயில் தேவையே இல்லை. அங்கே தகவல் எல்லாம் போர்ட்டல் வழியாக நடக்கும். வந்த மெயிலுக்குப் பதில் அனுப்பினாலும் `noreply` முகவரியில் அதைப் படிக்க ஆள் இல்லை. மெயில் வேலை செய்யும் இடம், ஒரு கல்லூரியில் மூன்று பேரையோ ஐந்து பேரையோ எடுக்கும் நடுத்தர நிறுவனங்கள். வாகன உதிரிபாகம், மின்னணுப் பலகை, தொழிற்சாலை ஆட்டோமேஷன் என்று இயங்கும் இந்த மாதிரி நிறுவனங்களில் டெக்னிகல் பேனலில் உட்காருபவர் பயிற்சி பெற்ற ஹெச்ஆர் இல்லை, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்த பொறியாளர். நாளை அவருக்குக் கீழேதான் இந்தப் பிள்ளைகள் வேலை செய்யப் போகிறார்கள். அவர் ஏதாவது கேட்டு, அதற்கு அப்போதே பதில் இல்லாமல் போயிருந்தால், பாக்கியை எழுத்தில் தீர்ப்பதுதான் இந்த மெயிலின் வேலை. நன்றி அதன் முதல் வரி மட்டுமே.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஈசிஇ நான்காம் ஆண்டு. செப்டம்பர் 12 அன்று எம்பெடட் டிரெயினி வேலைக்கு நேர்காணல். அவருடைய ப்ராஜெக்ட், மண்ணின் ஈரத்தைச் சென்சாரால் அளந்து, காய்ந்திருந்தால் மோட்டாரை ஓடவிடும் எளிய கருவி. ஒவ்வொரு கல்லூரியிலும் வருடத்துக்கு நாலு பேர் இதைச் செய்வார்கள் என்பது பேனலுக்கும் தெரியும். அதனால்தான் டெக்னிகல் ரவுண்டில் இருந்தவர் வேறு பக்கமாகப் போனார்.

"சென்சாரை எத்தனை நாள் மண்ணுக்குள்ள வெச்சிருந்தீங்கம்மா?"

"பதினஞ்சு நாள் சார்."

"முதல் நாள் காட்டின அளவும் கடைசி நாள் காட்டினதும் ஒண்ணா இருந்துதா?"

"இல்ல சார், போகப்போக மண்ணு ஈரமா இருந்தாலும் காய்ஞ்சிருக்குன்னே காட்டுச்சு. ப்ரோபை மாத்தினதும் சரியாயிடுச்சு."

"ரீடிங் இருக்கா?"

"லேப்டாப்ல இருக்கு சார், ஹாஸ்டல்ல. அனுப்பி வைக்கட்டுமா?"

"அனுப்புங்க, பார்க்கலாம்."

நேர்காணலில் அவருக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி இதுதான். மலிவான ஈரச் சென்சாரில் இரண்டு உலோகக் கால்கள் இருக்கும். அவற்றுக்கிடையே ஒரே திசையில் மின்சாரம் ஓயாமல் பாய்ந்தால், ஈர மண்ணில் மின்பகுப்பு நடந்து காலின் பூச்சு அரித்துப்போகும். தடை கூடும். ஈரமான மண்ணையும் சென்சார் காய்ந்தது என்று சொல்லும், மோட்டார் தேவையில்லாமல் ஓடும். அளக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து மற்ற நேரம் நிறுத்திவைத்தால் ப்ரோப் வெகுநாள் தாங்கும். கருவியை நிஜமாகவே செய்து மண்ணில் புதைத்தவருக்கு மட்டும் தென்படும் கோளாறு இது. கடையில் வாங்கிய ப்ராஜெக்டா, கைப்பட்ட ப்ராஜெக்டா என்று பார்க்கவே அவர் அதைக் கேட்டார்.

அதே அறையில் இன்னொரு கேள்வியும் வந்தது. 10 பிட் ஏடிசி, 5 வோல்ட் ரெஃபரன்ஸ் என்றால் ஒரு படி எவ்வளவு? மாணவி பதற்றத்தில் ஐந்தைப் பத்தால் வகுத்து அரை வோல்ட் என்றார். 5 வோல்ட்டை 1024ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 4.88 மில்லிவோல்ட். வெளியே வந்து தோழியிடம் கேட்டதுமே தவறு புரிந்துவிட்டது.

ஹெச்ஆர் ரவுண்டில் ஒரே ஒரு சிக்கல். ஓசூர் ஆலையில் ஷிஃப்டில் வேலை, சம்மதமா என்று கேட்டார்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன் மேம்" என்றார். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் சொல்லும் பதில். அதில் தவறேதும் இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஹெச்ஆரின் தாளில் அந்தக் கட்டம் காலியாக நிற்கிறது. இரண்டு பேர் சம மதிப்பெண்ணில் நின்றால், கட்டம் நிரம்பியவர் உள்ளே போவார்.

இப்போது மெயிலில் என்ன போகவேண்டும் என்பது தானாகத் தெரிகிறது. அனுப்புவதாகச் சொன்ன ரீடிங், வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்ன பதில். இந்த இரண்டும்தான் பாக்கி. ஏடிசி கணக்கு மெயிலில் வரக்கூடாது.

கடைசியாகச் சொன்னதை மாணவர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. தவறாகச் சொன்னதைத் திருத்தினால் நேர்மை தெரியுமே என்கிறார்கள். பேனலின் பக்கம் நின்று பாருங்கள். அந்த விடை புத்தகத்தில் இருக்கிறது, கைப்பேசியில் இருக்கிறது, தோழியிடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அது சரியாக வந்தால், மாணவிக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. மறந்துபோயிருந்த அரை வோல்ட்டைப் பேனலுக்கு ஞாபகப்படுத்திய பலன்தான் மிச்சம். ரீடிங் அப்படி இல்லை. பதினைந்து நாள் தாளை ஒரு மாலையில் தேடி எடுக்க முடியாது, ஏற்கனவே கையில் இருந்தால்தான் உண்டு. பேனல் கிளம்பிய பிறகும் எடையுள்ளதாக இருப்பது இந்த மாதிரிச் சரக்கு மட்டுமே.

அடுத்தது, யாருக்கு அனுப்புவது. டெக்னிகல் ரவுண்டில் இருந்தவர் முகவரி கொடுக்கவில்லை, "அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார். லிங்க்ட்இன்னில் அவர் பெயரைத் தேடி, பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து முகவரியை ஊகிக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். பெறுபவருக்கு அது வீட்டு வாசலில் வந்து நிற்கும் உணர்வைத் தரும். மாணவி செய்யவேண்டியது, அன்று மாலையே ஸ்டூடண்ட் கோஆர்டினேட்டர் வழியாகப் பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் போய், "பேனல் ரீடிங் கேட்டாங்க சார், யாருக்கு அனுப்பறது?" என்று கேட்பது. மூன்றில் ஒன்று நடக்கும். அவரே ஃபார்வர்டு செய்கிறேன் என்பார். ஹெச்ஆர் முகவரியைக் கொடுத்து, தன்னை `Cc`யில் போடச் சொல்வார். இல்லை, ரிசல்ட் வந்தாகிவிட்டது, வேண்டாம் என்பார். கடைசிப் பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுவது நல்லது. ரீடிங்கைப் பயிற்சிக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்.

நம் கதையில் இரண்டாவது நடக்கிறது. மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறேன்.

பொருள்: எம்பெடட் டிரெயினி நேர்காணல், செப்டம்பர் 12. ஈசிஇ, பதிவு எண். கேட்ட ரீடிங்கும் ஓசூர் பணி பற்றிய பதிலும்.

"வணக்கம் மேடம். இன்று எங்கள் கல்லூரியில் என்னை நேர்காணல் செய்ததற்கு உங்களுக்கும் டெக்னிகல் பேனலுக்கும் நன்றி.

சென்சார் அளவு நாளாக நாளாக நகர்வதைப் பற்றிப் பேனல் கேட்டது. அந்த 15 நாள் ரீடிங்கை ஒரு பக்கத்தில் இணைத்திருக்கிறேன். ஒன்பதாம் நாள் முதல் அளவு வறட்சிப் பக்கம் சாய்வதும், பன்னிரண்டாம் நாள் ப்ரோபை மாற்றியதும் மீள்வதும் அதில் தெரியும். பேனலுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

ஓசூர் ஆலையில் ஷிஃப்டில் பணிபுரிவது பற்றி வீட்டில் பேசிவிட்டேன். எனக்குச் சம்மதம்.

வேறு விவரமோ ஆவணமோ தேவைப்பட்டால் எங்கள் பிளேஸ்மென்ட் அலுவலகம் வழியாகவோ கீழுள்ள எண்ணிலோ தெரிவியுங்கள்."

கீழே பெயர், துறை, பதிவு எண், கைப்பேசி, சொந்த மெயில் முகவரி. அவ்வளவுதான். கைப்பேசித் திரையில் விரலால் இரண்டு தள்ளு தள்ளினால் முடிந்துவிடும் நீளம்.

இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். கம்பெனியின் தொலைநோக்கைப் புகழும் வரி இல்லை. எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தால் கடுமையாக உழைப்பேன் என்ற வாக்குறுதி இல்லை. ரெஸ்யூமே மறுபடி இணைக்கப்படவில்லை, அது அவர்களிடம் இருக்கிறது. முடிவு எப்போது என்ற கேள்வியும் இல்லை. ஒரே மெயிலில் கொடுப்பதும் கேட்பதும் சேர்ந்தால், கொடுத்தது கேட்பதற்காகத்தான் என்று ஆகிவிடுகிறது.

பொருள் வரி நீளமாக இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். ஹெச்ஆர் ஒரே வாரத்தில் ஐந்து கல்லூரிகளுக்குப் போகிறார். `Thank you` என்ற பொருளில் அவர் பெட்டியில் நூறு மெயில் கிடக்கும். மூன்று வாரம் கழித்து ஓசூருக்கு யார் சரி சொன்னது என்று அவர் தேடும்போது, தட்டச்சு செய்யப்போகும் சொற்கள் கல்லூரி, துறை, ஊர், வேலையின் பெயர். அந்தச் சொற்கள் மெயிலில் எங்காவது இருந்தால்தான் தேடலில் அகப்படும்.

இணைப்புக் கோப்பின் பெயரும் அதே கணக்கு. `final_new2.pdf` என்று வந்தால், இறக்கி வைத்த மறுநொடியே அது யாருடையது என்று தெரியாமல் போகும். பெயரும் பொருளும் சேர்ந்து `ECE_name_sensor_readings.pdf` என்ற மாதிரி இருக்கட்டும். எக்செல் கோப்பை அப்படியே அனுப்பாமல் ஒரு பக்க பிடிஎஃபாக மாற்றுவது நல்லது, கைப்பேசியிலேயே திறந்து பார்த்துவிடுவார்கள். கூகுள் டிரைவ் லிங்க் கொடுப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் அனுமதியைத் திறந்துவிட மறக்கிறார்கள். படிப்பவர் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய நிலை வந்தால், அவர் அதைச் செய்யமாட்டார். லிங்க்தான் வழி என்றால், வேறொரு கணக்கிலோ கணக்கே இல்லாத ஜன்னலிலோ அதைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பவேண்டும்.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால் இருக்கும், ரெஸ்யூமேயில் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஜிமெயிலில் பள்ளி நாளில் வைத்த செல்லப்பெயர் நிற்கும். ஹெச்ஆரின் கணினியில் இவை நான்கு வேறு ஆட்கள். விண்ணப்பப் படிவத்தில் எப்படி எழுதினீர்களோ அதே எழுத்து, அதே வரிசை மெயிலின் அடியிலும் இருக்கவேண்டும். அனுப்புநர் பெயராகத் திரையில் தெரிவதையும் கணக்கின் அமைப்புகளில் ஒருமுறை மாற்றிவிட்டால் போதும்.

மொழிநடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் பள்ளியில் உருப்படியாக எழுதிப் பழகிய ஒரே ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர். அதனால் மெயிலுக்குள்ளேயே ஃப்ரம் என்று தொடங்கி மூன்று வரி முகவரி, டூ என்று மூன்று வரி முகவரி, ரெஸ்பெக்டட் சார், சப், கடைசியில் யுவர்ஸ் ஒபீடியன்ட்லி என்று எழுதிவிடுகிறார்கள். மெயிலின் தலைப்பிலேயே அனுப்புநரும் பெறுநரும் இருக்கிறார்கள். உள்ளே மறுபடி எழுதினால் படிப்பவர் விஷயத்துக்கு வருவதற்குள் ஒரு திரை போய்விடும். ரெஸ்பெக்டட் மேடம் என்பதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. பழைய வாசனை அடிக்கும், ஆனால் யாரையும் புண்படுத்தாது. டியர் மேம் போதும். பெயர் சரியாகத் தெரிந்தால் பெயரோடு எழுதலாம். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அதைவிடச் சும்மா மேடம் என்றே எழுதியிருக்கலாம்.

கைண்ட்லி டூ த நீட்ஃபுல் என்ற தொடரை மட்டும் விட்டுவிடச் சொல்வேன். நாகரிகம் இல்லாதது என்பதற்காக அல்ல. என்ன செய்யவேண்டும் என்பதை அது சொல்வதில்லை. மேலே உள்ள மெயிலில் அந்த இடத்தில் "பேனலுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்" என்று இருக்கிறது. ஹெச்ஆருக்கு ஒரு சொடுக்கு வேலை, எது என்றும் தெளிவாகத் தெரிகிறது.

நேரம் என்றால் அன்று மாலை அல்லது மறுநாள் காலை. இரவு ஒன்றரை மணிக்கு அனுப்பினால் குற்றமில்லை, ஆனால் அந்த நேரத்தில் எழுத்துப்பிழை கண்ணில் படாது. ஜிமெயிலில் அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கும் வசதி உண்டு. அந்த அவகாசத்தை அமைப்புகளில் 30 வினாடி வரை நீட்டிவைக்கலாம். இணைப்பை மறந்தது பெரும்பாலும் அந்த அரை நிமிடத்துக்குள்தான் ஞாபகம் வரும்.

இப்போது ரிசல்ட். வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம் என்று போனவர்கள் வெள்ளி தாண்டியும் சொல்லவில்லை. இங்கே மாணவி மெயில் எழுதுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அவர் கிடையாது. எத்தனை இடம் என்பதற்குத் தலைமை அலுவலகம் இன்னும் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். அதே வேலைக்கு அடுத்த வாரம் இன்னொரு கல்லூரியில் டிரைவ் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் பட்டியல் வரும். இந்தக் கட்டத்தில் கேட்கவேண்டியவர் பிளேஸ்மென்ட் ஆபீசர்தான். அவர் நேர்காணலுக்குப் போன எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே மெயிலில் கேட்பார். கல்லூரியின் கேள்விக்கு ஹெச்ஆர் பதில் சொல்லியே ஆகவேண்டும். மாணவரின் கேள்விக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சொன்ன தேதி தாண்டி இரண்டு மூன்று வேலை நாள் விட்டு அவரிடம் நினைவூட்டினால் போதும். இடையில் வேறு கம்பெனி வருகிறதென்றால் அதையும் சொல்லலாம். ஒரு வேலை கிடைத்தவர் அடுத்த டிரைவில் உட்காரக்கூடாது என்று பல கல்லூரிகளில் விதி இருப்பதால், அவருக்கும் முடிவு தெரியவேண்டிய அவசரம் உண்டு.

தேர்வாகவில்லை என்றால் நன்றி மெயில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேனலில் யாராவது தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால், அவர் பெயரைச் சொல்லி, கற்றுக்கொண்டது இன்னது என்று இரண்டு வரி எழுதலாம். மற்றபடி தேவையில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டு எழுதினால் பதில் வராது. அதை எழுத்தில் சொல்ல எந்த ஹெச்ஆரும் துணியமாட்டார். பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவரைக் கேட்டால் ஓரளவு தெரியும்.

நம் மாணவி தேர்வாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் அந்தச் சின்ன மெயிலின் இரண்டாவது ஆயுள் தொடங்குகிறது. வேலைக்குத் தேர்வாவது ஏழாம் செமஸ்டரில், சேர்வது மறுவருடம் ஜூனுக்கு மேல். நடுவில் ஒன்பது பத்து மாதம். இந்த இடைவெளி எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு அண்மைய உதாரணம் இன்ஃபோசிஸ். 2022இல் படிப்பு முடித்துத் தேர்வானவர்களில் ஏறக்குறைய 2,000 பேர் இரண்டு வருடம் காத்திருந்ததாகச் செய்தி வந்து, விவகாரம் மத்திய தொழிலாளர் துறை அமைச்சகம் வரை புகாராகப் போனது. அதன்பின் 2024இல்தான் அவர்களுக்குச் சேரும் தேதி கிடைத்தது. அப்படி ஒரு காத்திருப்பில் மாணவர் கையில் இருப்பதெல்லாம் வந்த மெயில்களும் அனுப்பிய மெயில்களும்தான். போனில் சொன்னது எதற்கும் தேதி கிடையாது.

ஆகவே ஆஃபர் கடிதம் வந்ததும் ஏற்றுக்கொள்ளும் பதிலை அந்தக் கடிதம் வந்த மெயிலிலேயே, பொருள் வரியை மாற்றாமல் எழுதவேண்டும். பொருளை மாற்றினால் ஜிமெயில் அதைப் புது உரையாடலாகப் பிரித்துவிடும். பத்து மாதம் கழித்துச் சேரும் தேதியைக் கேட்கும்போது, அதே இழையின் அடியில் கேட்டால் ஆஃபர், சம்பளம், இடம், ஒப்புக்கொண்ட நாள் எல்லாம் படிப்பவரின் கண்முன் தானாக வந்து நிற்கும். அதற்குள் ஹெச்ஆர் வேலை மாறிப் போயிருந்தாலும் புதிதாக வந்தவர் கதை கேட்கவேண்டியதில்லை.

காத்திருப்பவர்களைக் குறிவைத்து வரும் போலிகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சேரும் தேதி தயார், பயிற்சிக் கட்டணமோ லேப்டாப் முன்பணமோ கட்டுங்கள் என்று, கம்பெனி லோகோவோடு மெயில் வரும். அனுப்புநர் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கும். அதைத் தொட்டு, பின்னால் உள்ள முகவரியைப் பார்க்கவேண்டும். நேர்காணல் நாளில் வந்த மெயில் `hr@example.com` என்றால், போலி `hr@example-careers.com` என்ற மாதிரி இருக்கும். வித்தியாசம் ஒரு சிறு கோடும் ஒரு சொல்லும். பணம் கேட்டாலே அது போலி என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் அந்த மெயிலுக்குப் பதில் எழுதிக் கேட்கக்கூடாது, பதில் அவர்களுக்கேதான் போகும். பழைய இழையைத் திறந்து அதில் கேளுங்கள்.

படிப்பு முடிந்த ஜூன் மாதம் மாணவி எழுதும் மெயில் செப்டம்பர் மெயிலைவிடச் சிறியது. ஆஃபர் இழையின் அடியில் மூன்று வரி. எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டேன், ப்ரொவிஷனல் சான்றிதழை இணைத்திருக்கிறேன், சேரும் தேதி எந்த மாதவாக்கில் இருக்கும் என்று தெரிந்தால் ஓசூரில் விடுதி பார்க்க உதவியாக இருக்கும். இப்போது கேள்வி கேட்கலாம், கேட்க உரிமை வந்துவிட்டது. பதில் வராவிட்டால் பத்து நாள் விட்டு அதே இழையில் ஒரு வரி, அப்போதும் வராவிட்டால் பிளேஸ்மென்ட் ஆபீசர். அவர் அதற்குள் அடுத்த பேட்ச்சின் டிரைவ்களில் மூழ்கியிருப்பார். நேரில் போய் இழையின் பிரிண்ட் அவுட்டைக் கொடுத்தால் உடனே போனை எடுப்பார்.

இதையெல்லாம் கல்லூரி கொடுத்த மெயில் முகவரியிலிருந்து செய்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. படிப்பு முடிந்த சில மாதங்களில் பல கல்லூரிகள் அந்தக் கணக்குகளை மூடிவிடுகின்றன. சேரும் தேதி அங்கே வந்து விழுந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் செப்டம்பர் மெயிலின் அடியிலேயே சொந்த முகவரி இருந்தது. கணக்கு மூடப்படும் முன்பு, கல்லூரி முகவரியிலிருந்தே ஹெச்ஆருக்கு, இனி இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று சொந்த முகவரியை `Cc`யில் போட்டு ஒரு வரி எழுதிவிட்டு, ஆஃபர் இழை முழுவதையும் பிடிஎஃபாக இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.